ஒத்தப்பனை ஸ்டேஷனுக்கு ஒரு விதிப்புத்தகம்

போன தீபாவளிக்கு முந்தின வாரம் என் தம்பி மகள் போனில் கூப்பிட்டு, "பெரியப்பா, பைபிள் அனுப்பியிருக்கேன், படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "மிஷன் ஸ்கூல்ல உங்களுக்குப் பரிசாக் குடுத்த பைபிளே அலமாரியில அப்படியே இருக்கு, இன்னொண்ணு எதுக்கு?" என்றாள்.

இது வேறு பைபிள். அவள் சென்னையில் ஒரு அனிமேஷன் கம்பெனியில் கதை எழுதுகிறாள். கார்ட்டூன் தொடர் ஒன்றை ஆரம்பிக்கும் முன், அதில் யார் யார் வருகிறார்கள், எங்கே நடக்கிறது, எப்படிப் பேசுவார்கள், என்னவெல்லாம் நடக்கவே கூடாது என்று எழுதி வைக்கும் குறிப்பேட்டுக்கு அந்தத் தொழிலில் ‘சீரீஸ் பைபிள்’ என்று பெயராம். பதினோரு நிமிடக் கதைகள் 52 தயாராக வேண்டும். அதை எழுதுகிறவர்கள் ஐந்தாறு பேர். காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைகிறவர்கள் வேறு ஆட்கள், அவற்றை அசைய வைக்கிறவர்கள் வேறு ஊரில். பாதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. எல்லோருக்கும் பொதுவாக இருப்பது அந்தக் குறிப்பேடு ஒன்றுதான்.

நாலு வயது முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான தொடர் அது. ஒத்தப்பனை என்கிற ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனில் கதை நடக்கிறது. பாத்திரங்கள் எல்லாம் பிராணிகள். ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு கொக்குத் தாத்தா. முப்பத்து நாலு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராகக் குப்பை கொட்டிய பெரியப்பா ஒருவர் சும்மா இருக்கும்போது அவரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பாள்?

இருபத்து மூன்று பக்கம். படங்கள் அருமை. இரண்டு தடவை படித்தேன். படித்துவிட்டு அவளிடம், "அம்மா, இது ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இதை வச்சு ஒருத்தன் ராத்திரி டூட்டி பார்க்க முடியாது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. இதைப் படிக்கிற உங்களில் ரயில்வேக்காரர்களுக்குப் புரிந்திருக்கும்.

எங்கள் இலாகாவில் பொது விதிகள், துணை விதிகள் என்று ஒரு புத்தகம் உண்டு. அதை எழுதினவருக்கு என்னைத் தெரியாது, எனக்கும் அவரைத் தெரியாது. ஆனால் அடை மழையில், ராத்திரி இரண்டு மணிக்கு, கன்ட்ரோல் போன் செத்துப்போய், கேட்க நாதியில்லாமல் நான் உட்கார்ந்திருக்கும்போது அடுத்து என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று அந்தப் புத்தகம் சொல்லும். ‘ஸ்டேஷன் மாஸ்டர் பொறுப்புள்ளவராகவும் துணிச்சலானவராகவும் இருத்தல் வேண்டும்’ என்று அதில் எழுதியிருந்தால் எனக்கு என்ன பிரயோஜனம்?

தம்பி மகளின் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. ‘செல்லி: ஆட்டுக்குட்டி. துறுதுறுப்பானவள், துணிச்சல்காரி, புத்திசாலி, அன்பானவள்.’ இதைக் கேட்டதும் அவள் விளக்கினாள். பைபிளில் இரண்டு வகை உண்டாம். சானல்காரர்களிடம் காட்டித் தொடரை விற்பதற்கு ஒன்று. விற்ற பிறகு எழுத்தாளர்கள் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்வதற்கு இன்னொன்று. முதலாவது பளபளவென்று இருக்க வேண்டும், இரண்டாவதில் பளபளப்பு தேவையில்லை. இரண்டாவதை எழுத நேரம் கிடைக்காமல் முதலாவதையே எல்லோரும் வைத்து ஓட்டிவிடுகிறார்கள் என்றாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னதை வைத்தே குடித்தனமும் நடத்துகிற மாதிரி. பாதிக் கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே மடிக்கணினியோடு வந்துவிட்டாள். இட்லியை முடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம்.

ஒவ்வொரு பாத்திரத்தின் பெயரையும் விரலால் மறைத்துக்கொண்டு வர்ணனையை மட்டும் படிக்கச் சொன்னேன். செல்லிக்கு எழுதியது அணிலுக்கும் பொருந்தியது. உலகத்தில் உள்ள எந்தக் கார்ட்டூன் கதாநாயகிக்கும் பொருந்தும். அப்புறம் ஒரு கேள்வி கேட்டேன்: "மழையில வண்டி நாலு மணி நேரம் லேட். நாலு பேரும் பிளாட்பாரத்துல இருக்காங்க. ஒவ்வொருத்தரும் என்ன செய்வாங்க?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். பிறகு சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. செல்லி ஒவ்வொருவரிடமும் போய் ‘வண்டி எப்ப வரும்’ என்று ஒரே கேள்வியைக் கேட்பாள், தனக்குப் பிடித்த பதில் கிடைக்கும்வரை. அணில் குட்டன் வண்டி ஏன் லேட் என்று ஒரு காரணத்தைக் கற்பனை பண்ணிச் சொல்வான், சொல்லி முடிப்பதற்குள் தானே அதை நம்பிவிடுவான். கொக்குத் தாத்தா கடிகாரத்தைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவார், எழுத ஒன்றும் இல்லாவிட்டாலும் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதுவார். (இது என்னைக் குத்தியது என்று எனக்குத் தெரியும். சும்மா இருந்துவிட்டேன்.) யானைக்குட்டி முத்து கொண்டுவந்த கடலையை நாலாகப் பங்கு போடுவான். பங்கு சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப எண்ணுவான்.

"இதை எழுதும்மா, மத்ததை எல்லாம் அடிச்சுடு" என்றேன். மூன்று வரி போதும். அவளுக்கு என்ன வேண்டும், மாட்டிக்கொண்டால் முதலில் என்ன செய்வாள், எதை ஒருநாளும் செய்யமாட்டாள். செல்லி ஒருநாளும் ‘எனக்குத் தெரியும்’ என்று பொய் சொல்லமாட்டாள், தெரியாததைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். இந்த ஒரு வரி இருந்தால், அவளை முன்பின் பார்த்திராத எழுத்தாளர்கூட வசனம் எழுதிவிடலாம். தப்பாக எழுதினால் படிக்கிறவர் விரல் வைத்துக் காட்டலாம். ‘புத்திசாலி’ என்று போட்டால் யார் என்ன எழுதினாலும் சரிதான்.

முத்து விஷயத்தில் ஒரு சின்னச் சண்டையே வந்தது. முதல் பிரதியில் அவனுக்கு எழுதியிருந்தது: ‘குண்டு. எப்போதும் பசி. அவன் வந்தாலே சிரிப்பு.’ அவள் தலைவர், அதாவது தொடரின் டைரக்டர், அதை மிகவும் ரசித்தாராம். எனக்கு ரசிக்கவில்லை. என் பேரனைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் ஒரு மாதம் டிபன் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தான். அந்தப் பெயர் ஒரு கார்ட்டூனிலிருந்து வந்தது. எந்தக் கார்ட்டூன் என்று சொல்லமாட்டேன்.

"அப்ப காமெடி எங்கேருந்து வரும் பெரியப்பா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே ஒரு பட்டியலைத் திறந்து காட்டினாள். ரோட் ரன்னர் கார்ட்டூன் பார்த்திருப்பீர்கள். வேகமாக ஓடும் பறவை, அதைப் பிடிக்க முடியாமல் திண்டாடும் ஓநாய் மாதிரியான பிராணி. முதல் படம் 1949இல் வந்தது. இயக்கியவர் சக் ஜோன்ஸ். அவர் தன் சுயசரிதையில் இந்தப் படங்களுக்கான விதிகள் என்று ஒரு பட்டியல் தந்திருக்கிறார். அந்தப் பறவை ஓநாயை எதுவும் செய்யக் கூடாது, ‘பீப் பீப்’ என்று கத்தலாம், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தைத் தவிர யாருக்கும் வசனம் கிடையாது. பறவை சாலையை விட்டு இறங்கக் கூடாது. ஓநாய்க்கு வரும் கேடெல்லாம் அதன் சொந்த அசட்டுத்தனத்தாலோ, அக்மி என்ற கம்பெனியிலிருந்து அது வாங்கும் சாமான்களின் கோளாறாலோ மட்டும் வர வேண்டும். அது அடிபடுவதைவிட அவமானப்படுவதே பெரிதாக இருக்க வேண்டும்.

இதைப் படித்ததும் அந்தப் படங்களில் நாம் ஏன் மனசு உறுத்தாமல் சிரித்தோம் என்று எனக்கு விளங்கியது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. அவன் போட்ட திட்டம் அவன் தலையில் விழுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தப் படங்களுக்குக் கதை எழுதிய மைக்கேல் மால்டீஸ், அப்படி ஒரு பட்டியலைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்று சொன்னாராம்! இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். விதி அவர்கள் கையில் இருந்தது, காகிதம் தேவைப்படவில்லை. வேறு வேறு ஊரில் இருந்துகொண்டு 52 கதை எழுதுகிறவர்களுக்குக் காகிதம் வேண்டும்.

ஆகவே முத்துவுக்குப் பசி போயிற்று. ‘எண்ணாமல் எதையும் தொடங்கமாட்டான்’ என்பது வந்தது. தொனி என்ற தலைப்பின் கீழே, ‘இந்தத் தொடரில் சிரிப்பு ஒருவருடைய திட்டம் கவிழ்வதிலிருந்து வரும். உடம்பு, நிறம், பேச்சுத் திக்கல் ஆகியவற்றிலிருந்து வராது’ என்று இரண்டே வரி. முன்பு அங்கே ‘இதமான, கலகலப்பான, நெஞ்சைத் தொடும் தொனி’ என்று இருந்தது.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ‘பசுமையான, அழகான, சிறிய ஸ்டேஷன்’ என்று எழுதியிருந்தாள். எந்தப் பக்கம் சிக்னல், எந்தப் பக்கம் லெவல் கிராசிங், தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனியாக வேலை விதிகள் உண்டு, அதோடு ஸ்டேஷனின் வரைபடமும் இணைந்திருக்கும். அதே மாதிரி ஒத்தப்பனைக்கும் ஒரு தாளில் போட்டுக் கொடுத்தேன். ஒரே பிளாட்பாரம், ஒரு வேப்பமரம், ஒரு சிமெண்ட் பெஞ்சு, வலது கோடியில் கேட். படத்தில் வண்டி இடமிருந்து வலமாகப் போனால் பட்டணத்துக்கு, வலமிருந்து இடமாகப் போனால் மலைக்கு. எழுத்து படிக்கத் தெரியாத குழந்தை நாலு கதை பார்த்ததும் இதைத் தெரிந்துகொண்டுவிடும். ஐந்தாவது கதையில் மாற்றி வரைந்தால், ஊருக்குப் போன அத்தை ஏன் திரும்பி வருகிறாள் என்று கேட்கும். இன்னொரு லாபமும் இருந்தது. புது இடம் ஒவ்வொன்றையும் புதிதாக வரைய வேண்டும், அது செலவு. அதனால் கதையை இந்த வரைபடத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வது கம்பெனிக்கும் பிடித்திருந்தது.

கடைசியாக வந்ததுதான் பெரிய விஷயம்.

குறிப்பேட்டின் பின்பகுதியில் மாதிரிக் கதைகள் பத்து இருந்தன, ஒவ்வொன்றும் ஐந்தாறு வரி. மூன்றாவது கதை இது: குட்டனின் தொப்பி காற்றில் பறந்து தண்டவாளத்தில் விழுகிறது. வண்டி வரும் சத்தம். செல்லி குதித்து, தொப்பியை எடுத்து, வண்டி வருவதற்கு ஒரு நொடி முன்னால் ஏறிவிடுகிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

நான் அந்தப் பக்கத்தைத் தாண்டவே இல்லை. நான் வேலை பார்த்த ஒரு ஸ்டேஷனில் ஒரு பையன் கிரிக்கெட் பந்துக்காக இறங்கினான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. அந்தப் பந்து சிவப்பு ரப்பர் பந்து என்பது மட்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

"இதுக்கு ஒரு விதி போடணும்மா. எந்தப் பாத்திரமும், எந்த வயசும், எந்தக் காரணத்துக்கும் தண்டவாளத்துல கால் வைக்கக் கூடாது" என்றேன்.

அவள் டைரக்டரிடம் சொன்னாள். அவர் மறுத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதை நான் மறைக்கக் கூடாது. குழந்தைகள் தொடரில் சிக்கலைக் குழந்தைதான் தீர்க்க வேண்டும். தொப்பி விழுந்தால் தாத்தாவிடம் சொல்வது, தாத்தா எடுத்துக் கொடுப்பது என்று போனால் அது பாதுகாப்பு விளம்பரம், கதை இல்லை. குழந்தை சானலை மாற்றிவிடும் என்றார்.

தம்பி மகள் அதற்கு பெப்பா பிக் என்ற பன்றிக்குட்டித் தொடரைப் பற்றிச் சொன்னாள். இங்கிலாந்தில் 2004இல் தொடங்கி உலகமெல்லாம் ஓடுகிறது. ஆரம்பக் கதைகளில் அந்தக் குடும்பம் காரில் சீட் பெல்ட் போடாமல் போகும். பெற்றோர்கள் புகார் செய்த பிறகு, புதுக் கதைகளில் பெல்ட் போட்டதோடு, பழைய காட்சிகளையும் திரும்ப வரைந்தார்கள். அதே தொடரில் சிலந்தி ஒன்றும் செய்யாது, பயப்படாதே என்று ஒரு கதை. இங்கிலாந்துக்கு அது சரி. விஷச் சிலந்தி உள்ள ஆஸ்திரேலியாவில் அரசு ஒளிபரப்பு நிறுவனம் அந்தக் கதையை நிறுத்த வேண்டியதாயிற்று. முதல் நாளே ஒரு வரி எழுதியிருந்தால் மிச்சமாகியிருக்கும் வேலை. செலவுக் கணக்கு சொன்னதும் டைரக்டர் கொஞ்சம் இறங்கி வந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் கதைக்கு வழி சொல்லுங்கள் என்றார்.

அதுவும் சரிதான். தடை போடுகிறவன் மாற்று வழியும் காட்ட வேண்டும். லைன் கிளியர் கிடையாது என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்குக் காபி குடிக்கப் போய்விட முடியுமா?

மூன்று நாள் போனிலேயே பேசினோம். விதியின் இரண்டாம் பாதியாக ஒன்று சேர்த்தோம்: பெரியவர் செய்தே தீர வேண்டிய காரியத்தை மட்டும் பெரியவர் செய்யலாம். அது முடிந்த இடத்தில் குழந்தைகளுக்கு வேலை ஆரம்பிக்க வேண்டும்.

இப்படி வைத்துக்கொண்டு அதே தொப்பியை மறுபடி விழ வைத்தோம். தொப்பி தண்டவாளத்தில். செல்லி ஓடிப்போய்த் தாத்தாவிடம் சொல்கிறாள். தாத்தா கடிகாரத்தைப் பார்க்கிறார், வண்டி நெருங்கிவிட்டது. ‘வண்டி போகட்டும்’ என்கிறார். அவர் வேலை அதோடு முடிந்தது. மூன்று பேரும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று பார்க்கிறார்கள். வண்டி தடதடவென்று கடக்கிறது, முத்து பெட்டிகளை எண்ணுகிறான். வண்டி போன பிறகு பார்த்தால் தொப்பி இல்லை. கடைசிப் பெட்டியின் கொக்கியில் மாட்டிக்கொண்டு அது பட்டணத்துப் பக்கம், அதாவது இடமிருந்து வலமாக, போய்க்கொண்டிருக்கிறது!

இங்கே குழந்தைகளின் வேலை ஆரம்பிக்கிறது. அடுத்த ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி தொப்பியை எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். தாத்தா போனை எடுத்துக் கொடுக்கிறார். தொப்பி எப்படி இருக்கும்? குட்டன் அதில் முத்துக்கள் பதித்திருந்தன என்கிறான், கிரீடம் என்கிறான். அந்தப் பக்கம் கிரீடத்தைத் தேடுகிறார்கள். முத்து அதில் பதினேழு தையல் உண்டு என்கிறான். அவர்கள் தையலை எண்ண ஆரம்பிக்கிறார்கள். மாலை வண்டியில் வருவது ஒரு பூசணிக்காய்க் கூடை. செல்லி குட்டனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், ‘நிஜமா என்ன கலர்? நிஜமா எவ்வளவு பெரிசு?’ என்று. கடைசியில் குட்டன், அது ஒரு தேங்காய்ச் சிரட்டை, தாத்தா பாட்டி போட்டுக்கொடுத்த நூல் கட்டியது, என்று மெதுவாகச் சொல்கிறான். சரியான தகவல் போகிறது. அடுத்த வண்டியில் சிரட்டை வந்து சேர்கிறது.

யார் கேட்டாலும் சொல்வேன், முதல் கதையைவிட இது நல்ல கதை. முதலாவதில் செல்லிக்குப் பதில் யார் குதித்தாலும் ஒன்றுதான். இதில் மூன்று பேரும் அவரவர் வரியில் எழுதியபடி நடக்கிறார்கள், குட்டன் புளுகு, முத்து கணக்கு, செல்லி கேள்வி. தண்டவாளத்தை மூடியதால்தான் கதை போனுக்குப் போயிற்று. டைரக்டருக்கும் பிடித்துவிட்டது. மாதிரிக் கதைகளில் அதை முதலாவதாக வைத்துவிட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்கமாட்டேன். பொங்கலுக்கு இறுதிப் பிரதி வந்தது. பதினான்கு பக்கமாகச் சுருங்கியிருந்தது, எனக்கு மகிழ்ச்சி. விதிகள் பக்கத்துக்குப் போனேன். நாலாவது விதி: ‘பாத்திரங்கள் இயன்றவரை தண்டவாளத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.’

இயன்றவரை!

உடனே போன் போட்டேன். யாரோ ஒரு மேலதிகாரி, இவ்வளவு கறாராக இருக்க வேண்டாம், எழுத்தாளர்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் இருக்கட்டும் என்று சேர்த்தாராம். அந்தச் சொல்லைப் போட்ட பிறகு அது விதியில்லை, விருப்பம். முப்பத்தொன்றாவது கதையை எழுதுகிறவருக்கு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கதை முடியவில்லை, வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ‘இயன்றவரை’ என்பதைப் படிப்பார், இன்றைக்கு இயலவில்லை என்று முடிவு செய்வார், செல்லியைக் குதிக்க வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. கதவைத் திறந்து வைத்தது குறிப்பேடு. எங்கள் விதிப்புத்தகத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டி ‘இயன்றவரை’ நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தால் நான் உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருப்பேனா?

சுதந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செல்லி என்ன சட்டை போடுகிறாள், அத்தை என்ன கொண்டுவருகிறாள், மழையா வெயிலா என்பதில் எல்லாம் தாராளமாக இயன்றவரை போடட்டும். நாற்பது விதி போட்டால் ஒன்றையும் யாரும் படிக்கமாட்டார்கள் என்பதும் தெரியும். அந்தப் பக்கத்தில் ஆறு விதிதான் இருந்தது. அதில் ஒன்றுக்கு மட்டும் அந்தச் சொல் வேண்டாம் என்கிறேன்.

தம்பி மகள், "பேசிப் பாக்குறேன் பெரியப்பா" என்றாள். குரலில் சுரத்து இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவள் வேலை பார்க்கிற இடம். இரண்டு வாரம் கழித்து வாட்ஸாப்பில் ஒரு பக்கத்தின் படம் மட்டும் வந்தது, வேறு ஒரு வார்த்தை இல்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நாலாவது விதியில் அந்தச் சொல்லின் மேல் யாரோ சிவப்புப் பேனாவால் கோடு இழுத்திருந்தார்கள். பக்கத்தில் சுருக்கெழுத்தாக ஒரு கையெழுத்து. அவளுடையது இல்லை. அந்த டைரக்டருடையது என்று பிறகு சொன்னாள்.